பட்ஜெட் ஒப்புதல் வரும்வரை இறுதி விண்ணப்பதாரரைக் காத்திருக்கச் சொல்வது எப்படி: ஓசூர் ஆலை மேலாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நேர்காணல்கள் முடிந்து, இவரையே எடுக்கலாம் என்று ஆலைக்குள் முடிவாகிவிட்ட பிறகும், தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டிய பட்ஜெட் ஒப்புதல் மட்டும் வராமல் நிற்பது ஓசூர், சூளகிரி, பர்கூர் சிப்காட் பகுதிகளில் ஆள் எடுக்கும் மேலாளர்களுக்குப் பழகிய நிலைமைதான். அந்த நாள்களில் விண்ணப்பதாரருக்கு என்ன எழுதுவது, எதை எழுதக்கூடாது, எழுதுவதற்கு முன் எதைத் தெரிந்துகொள்வது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பின்தொடர்ந்து இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டு இதுதான். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலை. இரண்டாவது ஷிஃப்டை விரிவுபடுத்துவதால் அதற்கு ஒரு பராமரிப்புப் பொறியாளர் தேவைப்படுகிறார். இறுதிவரை வந்திருப்பவர் தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டைச் சேர்ந்தவர். எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர். எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவில் உள்ள ஒரு தொழிற்சாலையில் முதல் ஷிஃப்ட் பார்க்கிறார். அங்கே 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் விலக முடியும். கடைசி நேர்காணல் ஜூன் 26, வெள்ளிக்கிழமை நடந்தது. ஜூலை 1, புதன்கிழமைக்குள் பதில் சொல்வதாக அவரிடம் கூறப்பட்டது. ஜூன் 30 மாலை வரை ஒப்புதல் வரவில்லை.

முதலில், தாமதம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

"அப்ரூவல் பெண்டிங்" என்ற ஒரே சொற்றொடருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, பணமும் இருக்கிறது, பணியிடமும் இருக்கிறது, கையொப்பம் இடவேண்டியவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டாவது, பணியிடம் இருக்கிறது, ஆனால் விண்ணப்பதாரர் கேட்கும் சம்பளம் அந்தத் தரநிலைக்கு ஒதுக்கிய வரம்பைத் தாண்டுகிறது. மூன்றாவது, அந்தப் பணியிடத்துக்கே இன்னும் யாரும் அனுமதி தரவில்லை. மேலாளர் நம்பிக்கையின் பேரில் நேர்காணல் நடத்தியிருக்கிறார். முதல் வகையில் சில நாள் காத்திருக்கச் சொல்வது நியாயம். இரண்டாவதில் காத்திருந்த பிறகு தொகை குறைந்து வர வாய்ப்பு இருப்பதை முன்பே சொல்லியாக வேண்டும். மூன்றாவதைத் "தாமதம்" என்று அழைப்பதே தவறு. அங்கே சொல்லவேண்டியது, பணியிடம் இன்னும் அனுமதிக்கப்படவில்லை என்ற உண்மையைத்தான்.

எனவே எழுத உட்காருவதற்கு முன் நிதித்துறைக்கும் எச்.ஆருக்கும் நீங்களே தொலைபேசியில் பேசி, கோப்பு இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது, அவர் எந்த நாளில் அதைப் பார்ப்பார், எந்தக் காரணத்துக்காக அவர் மறுக்கக்கூடும் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில்தான், நீங்கள் விண்ணப்பதாரரிடம் எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

நமது எடுத்துக்காட்டில் மேலாளர் இப்படி விசாரித்தபோது தெரிந்தது இது. அந்தப் பணியிடம் ஆண்டு பட்ஜெட்டில் இருக்கிறது, ஆனால் அக்டோபரிலிருந்துதான் தொடங்குவதாக இருக்கிறது. ஆலை அதை முன்கூட்டியே தொடங்கக் கேட்டதால், சென்னைத் தலைமை அலுவலகத்தில் நிதித் தலைவரின் தனி ஒப்புதல் தேவைப்படுகிறது. ஜூன் காலாண்டுக் கணக்கு முடிக்கும் வேலை நடப்பதால் அவர் ஜூலை 7, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில்தான் இதை எடுத்துக்கொள்வார். மறுப்பதாக இருந்தால், பட்ஜெட்டில் இல்லாத மாதங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்காகவே மறுப்பார்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஜூலை 8 அல்லது 9ஆம் தேதி ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, அதன்பின் அவர் ராஜினாமா கொடுத்தால், 60 நாள் நோட்டீஸ் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் முடியும். அப்படியானால் அக்டோபருக்கு முன் ஆலை கொடுக்கவேண்டியது ஒரு மாதத்துக்கும் குறைவான சம்பளமே. நிதித் தலைவரின் பார்வையில் ஜூலையில் ஆள் எடுப்பது என்பது மூன்று மாதச் செலவாகத் தோன்றியிருக்கலாம். நோட்டீஸ் காலத்தைச் சொல்லி இந்தக் கணக்கை இரண்டு வரியில் அவருக்கு எழுதினால், கூட்டத்தில் விவாதமே தேவைப்படாமல் போகக்கூடும். விண்ணப்பதாரருக்கு அனுப்பும் செய்தியைச் செதுக்குவதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இப்படி உள்ளே எழுதும் குறிப்புக்குச் செலவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்து, எதைச் சொல்ல உங்களுக்கு அனுமதி உண்டு என்று உறுதி செய்யுங்கள்

ஆஃபர் லெட்டர் கையில் கிடைக்கும்வரை "செலக்ட் ஆகிவிட்டீர்கள்", "கன்ஃபார்ம்", "வெல்கம் டு தி டீம்" போன்ற சொற்களை யாரும் பயன்படுத்தக்கூடாது. மேலாளர் அதை ஓர் ஊக்கச் சொல்லாக நினைத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம்; மறுபக்கத்தில் இருப்பவர் அதை வேலை கிடைத்துவிட்டதற்கான சான்றாக எடுத்துக்கொண்டு மறுநாளே ராஜினாமா கொடுத்துவிடலாம். ஒப்புதல் மறுக்கப்பட்டால் இருந்த வேலையும் போய், வரவிருந்த வேலையும் இல்லாமல் நிற்பவர் அவர்தான்.

இதே காரணத்துக்காக, காத்திருக்கும் நாள்களில் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது, சேர்க்கைப் படிவங்களை நிரப்பச் சொல்வது, வங்கிக் கணக்கு விவரம் கேட்பது ஆகியவற்றை நிறுத்தி வையுங்கள். "நேரம் மிச்சமாகுமே" என்று எச்.ஆர். இவற்றை முன்கூட்டியே தொடங்க விரும்பும். ஆனால் ஒவ்வொரு படிவமும் வார்த்தையில் சொல்லாத ஒரு வாக்குறுதி. ஒருபுறம் "இன்னும் முடிவாகவில்லை" என்று கடிதம், மறுபுறம் ரத்தப் பரிசோதனைக்கு அழைப்பு என்று போனால் இரண்டில் எதை நம்புவது என்று அவருக்குத் தெரியாது.

பரிந்துரை விசாரணை இன்னும் கவனமாகக் கையாளவேண்டியது. ஓசூர், அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகினி ஆகியவை பெயருக்குத்தான் இரண்டு மாநிலம். உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரே வட்டம். ஒரே சப்ளையர் இரண்டு ஆலைக்கும் போகிறார். கம்பெனிப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் முன்பு அங்கே வேலை செய்தவராக இருக்கிறார். ஒப்புதல் வராத நிலையில் அவருடைய தற்போதைய நிறுவனத்தில் யாரிடமாவது "ஆள் எப்படி?" என்று கேட்டுவைத்தால், அவர் வெளியேறப் பார்க்கிறார் என்ற செய்தி மாலைக்குள் அவருடைய மேலாளரின் காதுக்குப் போய்விடும். நேர்காணல் குழுவில் இருந்த மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள்: இனி அவரிடம் பேசப்போவது ஒருவர் மட்டுமே.

செய்தியை எப்போது, எந்த வழியில் சொல்வது

நீங்கள் வாக்களித்த நாள் கடந்துபோவதற்கு முன்பே சொல்லுங்கள். எடுத்துக்காட்டில் ஜூலை 1 பதில் சொல்லும் நாள் என்றால், ஜூன் 30 மாலையே பேசிவிடவேண்டும். கெடு முடிவதற்கு முன்னால் வரும் தாமதச் செய்தி ஒரு தகவல். கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து, அவரே இருமுறை அழைத்த பிறகு அதே செய்தி வந்தால் அது ஒரு சமாளிப்பாகத்தான் கேட்கும். சொற்கள் எவ்வளவு பணிவாக இருந்தாலும் சரி.

முதலில் தொலைபேசி, பிறகு அன்றே எழுத்து என்ற வரிசை நல்லது. தொலைபேசியில் அவருடைய குரலிலிருந்து அவருடைய நிலைமையை அறியலாம். எழுத்தில் இருப்பதை அவர் வீட்டில் காட்டலாம், மறுமுறை படித்துப் பார்க்கலாம். காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை ஷிஃப்டில் இருப்பவரைப் பதினொரு மணிக்கு அழைப்பதில் பயனில்லை. பல ஆலைகளில் இயந்திரப் பகுதிக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை, அனுமதி இருந்தாலும் பக்கத்தில் ஆள் இருப்பார். அவர் பேருந்தை விட்டு இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து நான்கு மணிக்கு அழையுங்கள். மின்னஞ்சலை அவருடைய சொந்த முகவரிக்கே அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் "மெயில் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

செய்தியில் இடம்பெற வேண்டியவை

வழக்கமாக அனுப்பப்படும் செய்தி எப்படி இருக்கும் என்று முதலில் பார்ப்போம்.

> அன்புடையீர், தங்கள் விண்ணப்பம் நிர்வாகத்தின் பரிசீலனையில் உள்ளது. சில உள் நடைமுறைகள் காரணமாகத் தாமதம் ஏற்பட்டுள்ளது. விரைவில் தங்களைத் தொடர்பு கொள்வோம். பொறுமை காக்க வேண்டுகிறோம்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்குத் தேவையான எதுவும் இல்லை. "பரிசீலனையில் உள்ளது" என்றால் இன்னும் பலரோடு போட்டியில் இருக்கிறாரா, முடிவாகிவிட்டதா என்று தெரியாது. "உள் நடைமுறை" என்றால் வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு அவருடைய பதிலுக்காக இவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அனுபவமுள்ள எவரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதும் உண்டு. "விரைவில்" என்பதற்கு நாள் கிடையாது. "பொறுமை காக்க" என்பது சுமை முழுவதையும் அவர் தலையில் ஏற்றுகிறது.

நம்பிக்கையைக் காக்கும் செய்தி ஐந்து விஷயங்களைச் சொல்லவேண்டும்: எது முடிவாகிவிட்டது, எது முடிவாகவில்லை, அந்த முடிவை யார் எப்போது எடுக்கிறார், நீங்கள் அவரை எந்த நாளில் எத்தனை மணிக்கு அழைப்பீர்கள், அதுவரை அவர் எதைச் செய்யாமல் இருப்பது அவருக்கு நல்லது. எடுத்துக்காட்டில் மேலாளர் ஜூன் 30 மாலை எழுதவேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கும்.

> வணக்கம்.
>
> இன்று மாலை தொலைபேசியில் பேசியதை எழுத்திலும் தருகிறேன்.
>
> பராமரிப்புப் பொறியாளர் பணிக்கு, ஜூன் 26 நேர்காணலுக்குப் பிறகு, உங்கள் பெயரை மட்டுமே ஆலை பரிந்துரைத்துள்ளது. எனினும் இது பணி நியமனம் அல்ல; தலைமை அலுவலகத்தின் பட்ஜெட் ஒப்புதல் இன்னும் வரவேண்டியுள்ளது.
>
> இந்தப் பணியிடம் அக்டோபரில் தொடங்குவதாக ஆண்டு பட்ஜெட்டில் உள்ளது. அதற்கு முன்பே தொடங்க நாங்கள் கேட்டிருக்கிறோம். அதற்கான முடிவு ஜூலை 7, செவ்வாய்க்கிழமை நடக்கும் கூட்டத்தில் எடுக்கப்படும். ஜூலை 1ஆம் தேதிக்குள் பதில் தருவதாக நான் சொல்லியிருந்தேன். அதைக் காப்பாற்ற இயலாததற்கு வருந்துகிறேன்.
>
> ஜூலை 8, புதன்கிழமை மாலை 4 மணிக்கு நானே உங்களை அழைப்பேன். ஒப்புதல் வந்திருந்தாலும், மறுக்கப்பட்டிருந்தாலும், கூட்டம் தள்ளிப்போயிருந்தாலும் அந்த நேரத்தில் கட்டாயம் பேசுவேன்.
>
> எங்கள் ஆஃபர் லெட்டர் உங்கள் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்க வேண்டாம். வேறு வாய்ப்பு இருந்தால் எங்களுக்காக அதை மறுக்க வேண்டாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் ஜூலை 8க்கு முன்பாக இருந்தால், விருப்பமிருப்பின் தெரிவியுங்கள். எங்கள் பக்கத்தில் விரைவுபடுத்த முடியுமா என்று பார்க்கிறேன். உங்கள் தற்போதைய நிறுவனத்தில் யாரையும் நாங்கள் தொடர்புகொள்ள மாட்டோம்.
>
> இவ்வளவு தூரம் வந்து எங்களுக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.

இந்தச் செய்தியில் சில வரிகளுக்கு விளக்கம் தேவை. "உங்கள் பெயரை மட்டுமே" என்ற சொற்களை அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். இரண்டாவது ஒருவரையும் கைவசம் வைத்திருந்தால், "ஆலையின் முதல் பரிந்துரை உங்கள் பெயர்" என்று எழுதலாம். இருவருக்கும் அதையே எழுதுவது ஏமாற்று. அந்த வட்டத்தில் அது வெளியே வராமலும் இருக்காது.

மேலாளர் கொடுத்த நாள் ஜூலை 8 என்பதைக் கவனியுங்கள். ஒப்புதல் என்று வரும் என்று வாக்களிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அது நிதித் தலைவரின் கையில் இருக்கிறது. என்று அழைப்பேன் என்று வாக்களிப்பது முழுவதும் மேலாளரின் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதற்கு மட்டும் தேதி கொடுங்கள். கூட்டம் நடக்கும் அன்று மாலையே அழைப்பதாகச் சொல்லாமல் ஒரு நாள் இடைவெளி விடுவதும் வேண்டுமென்றே செய்ததுதான். கூட்டம் மாலை ஆறு மணி வரை நீண்டுவிட்டாலும் வாக்கு தவறாது.

காரணத்தை எந்த அளவுக்கு விரித்துச் சொல்லலாம் என்பதை எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். பட்ஜெட் தொகை, மற்றவர்களின் சம்பளம், நிதித் தலைவரின் பெயர் ஆகியவை தேவையில்லை. "எந்த மாதம் தொடங்குவது என்பதற்கான ஒப்புதல்" என்ற அளவு போதும். ஏனென்றால் அது அவருடைய தகுதி பற்றிய சந்தேகம் அல்ல என்பதைக் காட்டிவிடுகிறது. காத்திருப்பவர் மனத்தில் ஓடும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுதான்.

வருத்தம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது என்பதும் முக்கியம். மூன்று பத்தி மன்னிப்பு கேட்டால், உள்ளே ஏதோ பெரிய சிக்கல் இருக்கிறது என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார்.

அவருடைய பதில் வந்த பிறகு

எடுத்துக்காட்டில் அவர் மறுநாள் இப்படிப் பதில் எழுதுகிறார்: "வணக்கம் சார். தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. ஜிகினியில் ஒரு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் கையில் உள்ளது. ஜூலை 6, திங்கட்கிழமை மாலைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். வீட்டுக்குப் பக்கம் என்பதால் ஓசூரையே விரும்புகிறேன். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்."

கூட்டம் நடப்பதற்கு ஒரு நாள் முன்பே அவருடைய கெடு முடிகிறது. "என்ன செய்யலாம்" என்று கேட்பவருக்கு "நம்பி இருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஆசை எழும், அதைச் சொல்லாதீர்கள். "அங்கே சரி என்று சொல்லி வையுங்கள், எங்களுக்கு வந்ததும் இங்கே வந்துவிடுங்கள்" என்றும் சொல்லக்கூடாது. அந்த வழியை அவரே தேர்ந்தெடுத்தால் அது அவர் பாடு. ஆனால் நீங்கள் அதைக் கற்றுக்கொடுத்தால், நாளை உங்களுக்கும் அதையே செய்யலாம் என்று கற்றுக்கொடுக்கிறீர்கள்; ஜிகினி நிறுவனத்துக்கும் செய்தி போகும்.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று உள்ளே: திங்கட்கிழமை நண்பகலுக்குள் மின்னஞ்சலில் நிதித் தலைவரின் கொள்கையளவு ஒப்புதலைப் பெற முடியுமா என்று, முன்பு சொன்ன நோட்டீஸ் காலக் கணக்கோடு, ஆலைத் தலைவர் மூலமாகக் கேட்பது. மற்றொன்று அவரிடம்: ஜிகினி நிறுவனத்திடம் இரண்டு நாள் கூடுதல் அவகாசம் கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான் என்பதைச் சொல்லி, கேட்பதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடுவது. பதில் இப்படி இருக்கலாம்.

> வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. திங்கட்கிழமை நண்பகலுக்குள் முன்கூட்டியே முடிவு கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்கு உங்களை அழைக்கிறேன். அதன்பின் உங்கள் முடிவுக்கு நேரம் இருக்கும். அவர்களிடம் புதன்கிழமை வரை அவகாசம் கேட்க விரும்பினால் கேட்கலாம். அது உங்கள் விருப்பம். அங்கே சேர முடிவெடுத்தால் எங்களுக்கு எந்த வருத்தமும் இருக்காது. தெரிவித்தால் மட்டும் போதும்.

புதிய வாக்கு கொடுத்தால் பழைய வாக்கு ரத்தாகிவிடாது. திங்கட்கிழமை மூன்று மணிக்கு அழைத்த பிறகும், புதன்கிழமை நான்கு மணி அழைப்பு அப்படியே இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் அவருடைய நாள்காட்டியையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் புதிய வேலையில் சேர விரும்பாத குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு. சிலர் ராஜினாமாக் கடிதத்தைக்கூட அந்த மாதத்தில் கொடுக்கத் தயங்குவார்கள். எடுத்துக்காட்டில் ஒப்புதல் ஆடிக்கு முன் வந்தால் அவர் சேர்வது ஆவணியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒப்புதல் இரண்டு வாரம் தள்ளிப்போய், அவரும் ஆடி கழியட்டும் என்று நினைத்தால், 60 நாள் நோட்டீஸ் அக்டோபர் நடுவில்தான் முடியும். அப்போது முன்கூட்டியே தொடங்கக் கேட்டதற்கே பொருளில்லாமல் போகும். எல்லோரும் இதைப் பார்ப்பார்கள் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். "ராஜினாமா கொடுக்க, சேர உங்களுக்கு வசதியில்லாத நாள்கள் ஏதும் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டாலே அவர் சொல்லிவிடுவார்.

நம்பிக்கை கசியத் தொடங்கினால் அதுவும் தெரியும். முழு வாக்கியத்தில் பதில் எழுதியவர் "ஓகே சார்" என்று மட்டும் எழுதுவார். எந்தத் தேதியில் சேரவேண்டும், கம்பெனிப் பேருந்து எந்த வழியாக வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் கேள்விகளையே நிறுத்திவிடுவார். அப்போது தினமும் ஒரு "குட் மார்னிங்" அனுப்பித் தொடர்பைச் சூடாக வைத்திருக்க முயல்வது நிலைமையை மோசமாக்கும். ஒருமுறை அழைத்து, "வேறு முடிவை யோசிக்கிறீர்களா, எங்கள் பக்கம் நான் தெளிவுபடுத்த வேண்டியது ஏதாவது உண்டா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

சொன்ன நாள் வந்துவிட்டது

திங்கட்கிழமை முன்கூட்டிய ஒப்புதல் கிடைக்கவில்லை என்றும், மேலாளர் மூன்று மணிக்கு அழைத்து அதைச் சொன்னார் என்றும், ஜிகினி நிறுவனம் புதன்கிழமை மாலை வரை அவகாசம் கொடுத்தது என்றும் வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒப்புதல் கிடைத்துவிட்டால், புதன்கிழமை வரை காக்காமல் அன்றே அழைத்துச் சொல்லலாம். ஆனால் "ஒப்புதல் வந்துவிட்டது, ஆஃபர் லெட்டர் நாளை நண்பகலுக்குள் வரும், அதைப் படித்துப் பார்த்த பிறகே ஜிகினிக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் பதில் சொல்லுங்கள்" என்ற வரிசையில் சொல்லவேண்டும். ஒப்புதலுக்கும் கடிதத்துக்கும் நடுவில் எச்.ஆரில் இரண்டு நாள் போவது சாதாரணம். அது அவருக்குத் தெரியாது. அதனால் கடிதத்தின் வரைவைக் கூட்டத்துக்கு முன்பே தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒப்புதலான தொகை, பேசியதைவிடக் குறைவாக வந்திருந்தால், அதைக் கடிதத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். அழைக்கும்போதே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். காத்திருந்த களைப்பில் ஒத்துக்கொள்வார் என்ற கணக்கில் தொகையைக் குறைப்பவர்கள் உண்டு. ஒத்துக்கொண்டு சேர்பவர் அடுத்த நல்ல ஆஃபர் வந்ததும் போய்விடுவார்.

கூட்டம் தள்ளிப்போனால், இரண்டாவது முறை காத்திருக்கச் சொல்வது முதல் முறையைப் போன்றதல்ல. அப்போது காரணத்தைவிட, அவருக்கு இருக்கும் வழிகளைத்தான் அதிகம் பேசவேண்டும்.

> கூட்டம் ஜூலை 14க்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. ஆலையின் பரிந்துரையில் மாற்றமில்லை. ஆனால் இரண்டாவது முறையாக ஒரு தேதி சொல்லி உங்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஜிகினி வாய்ப்பை ஏற்பது உங்களுக்கு நல்லது என்று தோன்றினால் ஏற்றுக்கொள்ளுங்கள். காத்திருக்க விரும்பினால், ஜூலை 15 மாலை 4 மணிக்கு அழைக்கிறேன். அன்றும் முடிவு இல்லையென்றால் இந்தத் தேர்வை உங்களைப் பொறுத்தவரை முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடைசி வரி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் முடிவில்லாத காத்திருப்புக்கு நீங்களே ஓர் எல்லை வகுத்துக் கொடுக்கிறீர்கள். மூன்றாவது முறை தேதி கேட்டு அழைக்கும் சங்கடமும் அவருக்கு இல்லாமல் போகிறது. இதே வரியை உள்ளேயும் காட்டுங்கள். ஆள் கைநழுவும் நாள் எது என்று தெரிந்தால் கோப்பு நகர்வதும் உண்டு.

மறுக்கப்பட்டால், அழைப்பதாகச் சொன்ன நேரத்தில், நீங்களே, தொலைபேசியில் சொல்லுங்கள், எச்.ஆரின் பொது மின்னஞ்சல் முதலில் போய்ச் சேரக்கூடாது. "முன்கூட்டியே தொடங்க அனுமதி கிடைக்கவில்லை, பணியிடம் அக்டோபருக்கு அப்படியே இருக்கிறது" என்ற அளவில் நிறுத்துங்கள். புதன்கிழமை மாலை என்பதால் ஜிகினி நிறுவனத்துக்குச் சரி சொல்ல அவருக்கு இன்னும் நேரம் இருக்கும். உங்கள் அழைப்பு நான்கு மணிக்குப் பதில் ஏழு மணிக்குப் போயிருந்தால் அது இருந்திருக்காது. அக்டோபருக்காக ஆகஸ்டில் மீண்டும் ஆள் தேடத் தொடங்கும்போது அவரை ஒருமுறை கேட்கலாமா என்று அப்போதே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அவருடைய கோப்பில் அதைக் குறித்துவைத்து, வேறு எச்.ஆர். ஊழியர் யாரும் பின்னர் தவறுதலாக அழைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஜிகினியில் சேர்ந்துவிட்டார் என்று தெரியவந்தால், அவர் முன்பு சரி என்று சொல்லியிருந்தாலும், சேர்ந்த சில வாரங்களிலேயே அழைத்து இழுக்க வேண்டாம்.